தட்டினால் பேசும் தர்பூசணி, முகர்ந்தால் பேசும் அன்னாசி

மாங்காயை வைக்கோலில் புதைத்து வைத்தால் சில நாளில் பழமாகிவிடும். வாழைத்தாரை அறையில் வைத்துப் புகை போட்டால் மறுநாளே மஞ்சள் தட்டும். சப்போட்டாவை அரிசிப் பானைக்குள் போட்டு வைக்காத வீடு கிராமத்தில் குறைவு. பறித்த பிறகும் பழுக்கும் இந்தப் பழங்களோடு பழகிய நமக்கு, எந்தக் காயும் வீட்டில் நாலு நாள் இருந்தால் இனித்துவிடும் என்ற நம்பிக்கை தானாகவே வந்துவிடுகிறது. தர்பூசணியிலும் அன்னாசியிலும் அந்த நம்பிக்கை பலிக்காது.

காரணம் எளிது. மாங்காயும் வாழைக்காயும் மரத்திலிருந்து வரும்போதே தமக்குள் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கின்றன. பறித்த பிறகு அந்த மாவு சர்க்கரையாக மாறுகிறது; காய் இனிக்கிறது. தர்பூசணிக்கும் அன்னாசிக்கும் அப்படிச் சொல்லிக்கொள்ளும்படியான மாவுச் சேமிப்பு இல்லை. இலை தயாரித்த சர்க்கரை காம்பு வழியாக நேரே பழத்துக்கு வருகிறது. காம்பை அறுத்த நொடியில் அந்த வரத்து நின்றுபோகிறது. அதன் பிறகு தர்பூசணியின் சதை இன்னும் கொஞ்சம் மெத்தென்று ஆகலாம். அன்னாசியின் தோல் பச்சையிலிருந்து மஞ்சளாகலாம், புளிப்பு சற்றே தணியலாம். ஆனால் சர்க்கரை கூடாது.

ஆகவே இந்த இரண்டு பழங்களிலும் தேர்வு கடையிலேயே முடிந்துவிட வேண்டும். வெட்டாமல் உள்ளே பார்க்க முடியாது. கையில் இருப்பவை நான்கு சோதனைகள்: தட்டும் ஓசை, காம்பு, மணம், எடை. நான்கையும் எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். ஆனால் ஒரே சோதனை இரண்டு பழத்திலும் ஒரே பொருளைத் தராது. தர்பூசணியில் நல்ல சேதி சொல்லும் ஓசை அன்னாசியில் கெட்ட சேதி சொல்லும். அன்னாசியில் முதல் சாட்சியாக நிற்கும் மணம் தர்பூசணியில் வாயே திறக்காது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் தீர்ந்துவிடும்.

தட்டும் ஓசை

திண்டிவனம், அச்சிறுபாக்கம், மதுராந்தகம் பக்கம் கோடையில் சாலையோரம் குவித்து வைத்திருக்கும் தர்பூசணியை வாங்குபவர்களில் தட்டாமல் வாங்குபவர் அரிது. ஆனால் குவியலில் கிடக்கும் பழத்தை அப்படியே தட்டிப் பார்ப்பதால் பயன் குறைவு. நாலு பக்கமும் மற்ற பழங்கள் அழுத்திக்கொண்டிருக்கும்போது அதிர்வு அடங்கிவிடும். பழத்தை எடுத்து ஒரு உள்ளங்கையில் ஏந்த வேண்டும். மறு கையின் விரலை மடக்கி, மொளியால் பழத்தின் நடு வயிற்றில், காம்புக்கும் அடிக்கும் சம தூரத்தில் தட்ட வேண்டும். ஒரு முறை அல்ல, பழத்தைத் திருப்பித் திருப்பி மூன்று நான்கு இடங்களில். காதால் ஓசையைக் கேட்கும்போதே, ஏந்திய உள்ளங்கை அதிர்வை உணர்கிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

ஓசை மூன்று வகை. காயாக இருந்தால் கூர்மையான, உயர்ந்த 'டங்' என்ற ஒலி வரும். பழுத்திருந்தால் அதைவிடத் தாழ்ந்த, உள்ளே இடம் இருப்பதுபோல முழங்கும் 'டொம்' என்ற ஒலி. அளவுக்கு மீறிப் பழுத்திருந்தால் முழக்கமே இல்லாமல் 'தொப்' என்று செத்த ஒலி. பழக்கமில்லாதவர்களுக்கு நம் உடம்பே அளவுகோல். நெற்றியைத் தட்டினால் வருவது காயின் ஓசை. நெஞ்சைத் தட்டினால் வருவது பழத்தின் ஓசை. வயிற்றைத் தட்டினால் வருவது கனிந்து தளர்ந்த பழத்தின் ஓசை.

இதற்குப் பின்னால் தெளிவான இயற்பியல் இருக்கிறது. இறுக்கமான பொருள் வேகமாக அதிரும், ஒலி உயரும். தளர்ந்த பொருள் மெல்ல அதிரும், ஒலி தாழும். காயில் சதையின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் உறுதியாக இருக்கிறது. பழுக்கப் பழுக்க அது கரைந்து சதை இளகுகிறது. ஒலியும் படிப்படியாக இறங்குகிறது. ஜப்பானில் தர்பூசணியைத் தரம் பிரிக்கும் நிலையங்களில், பழத்தை இயந்திரம் மெல்லத் தட்டி, அதிர்வை அளந்து, பழுத்ததா, உள்ளே வெற்றிடம் உண்டா என்று கணிக்கும் முறை நடைமுறையில் இருக்கிறது. சந்தையில் விரல் செய்வதும் அதே வேலைதான்.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒலியின் உயரம் பழுத்ததை மட்டும் பொறுத்ததல்ல, பழத்தின் அளவையும் பொறுத்தது. பெரிய பழம் காயாக இருந்தாலும் சிறிய பழத்தைவிடத் தாழ்ந்த ஒலியைத் தரும். எட்டுக் கிலோ பழத்தையும் மூன்று கிலோ பழத்தையும் மாறி மாறித் தட்டி, பெரியதுதான் பழுத்தது என்று முடிவு கட்டினால் அது தப்பு. ஒரே வகையில், ஒரே அளவில் இருக்கும் மூன்று நான்கு பழங்களை எடுத்து, அவற்றுக்குள் ஒப்பிட வேண்டும். அவற்றில் தாழ்ந்த, ஆனால் முழக்கம் குன்றாத ஒலியைத் தருவது எதுவோ அதுவே தேர்வு.

இப்போது அன்னாசிக்கு வருவோம். அன்னாசியைக் கொண்டையைப் பிடித்துத் தூக்கி, நடுவிரலைக் கட்டைவிரலில் மடக்கிப் பழத்தின் பக்கவாட்டில் சுண்ட வேண்டும். இங்கே தேட வேண்டியது முழக்கம் அல்ல, அடங்கிய, கெட்டியான ஓசை. சாறு நிரம்பிய பழத்தில் சதைக்குள் இருக்கும் நுண்ணிய காற்றிடைவெளிகளை நீர் நிரப்பியிருக்கும். சுண்டினால் சதைப்பிடிப்பான கையைத் தட்டியதுபோல் ஓசை அடங்கிப்போகும். காயான பழமும், வெகுநாள் கிடந்து சாறு வற்றிய பழமும் உள்ளே வெறுமையாக ஒலிக்கும். தர்பூசணியில் நாம் விரும்பிய அந்த முழக்கம் அன்னாசியில் கேட்டால் பழத்தைத் திரும்ப வைத்துவிடலாம்.

ஆனால் அன்னாசியில் ஓசையைப் பெரிய சாட்சியாக நம்பக் கூடாது. கரடுமுரடான தடித்த தோலும், நடுவே ஓடும் நார்த்தண்டும் அதிர்வைக் குலைத்துவிடும். தர்பூசணியில் ஓசைக்கு முதலிடம் கொடுக்கலாம். அன்னாசியில் அது மற்ற சோதனைகள் சொன்னதை உறுதிப்படுத்த மட்டுமே உதவும்.

காம்பு சொல்வது

தர்பூசணியின் காம்பு கொடியில் ஒரு கணுவிலிருந்து புறப்படுகிறது. அதே கணுவிலிருந்து சுருண்ட பற்றுக்கம்பி ஒன்றும் கிளம்பும். விவசாயி அறுவடைக்கு முன் பார்ப்பது அந்தக் கம்பியைத்தான். பச்சையாக இருந்தால் பழம் இன்னும் காய். நுனியிலிருந்து காயத் தொடங்கினால் பழுக்கிறது. அடி வரை பழுப்பு நிறமாகிச் சுருண்டு காய்ந்திருந்தால் அறுக்கலாம். கோடைச் சந்தைக்காக மார்கழி, தை மாதங்களில் விதைக்கும் வயலில், பூத்ததிலிருந்து ஏறத்தாழ 30 முதல் 40 நாளில் பழம் இந்த நிலைக்கு வரும். பழத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொரு மாற்றமும் தெரியும். பிஞ்சாக இருந்தபோது காம்பில் இருந்த மெல்லிய ரோமம் முதிர்ந்ததும் உதிர்ந்து, காம்பு வழவழப்பாகிவிடும்.

முலாம்பழம் பழுத்தால் காம்பிலிருந்து தானாகவே கழன்று வரும். தர்பூசணி அப்படிக் கழலாது. எவ்வளவு பழுத்தாலும் கத்தியால்தான் அறுக்க வேண்டும். பழத்தோடு சிறிது காம்பை விட்டே அறுப்பார்கள். காம்பைப் பிடுங்கினால் அந்தக் குழி வழியாகக் கிருமி இறங்கி அழுகல் தொடங்கிவிடும். ஆகவே கடையில் காம்பு இருந்த இடம் குழியாகவும் ஈரமாகவும் இருக்கும் பழத்தைத் தவிர்ப்பது நல்லது.

கடையில் காம்பைப் படிப்பதில் எச்சரிக்கை ஒன்று தேவை. காய்ந்த காம்பு என்றால் பழுத்த பழம் என்று பலரும் சொல்வார்கள். கொடியில் இருக்கும்போது பற்றுக்கம்பி காய்ந்தால் அது பழுத்ததன் அடையாளம். அறுத்த பிறகு எந்தக் காம்பும் சில நாளில் காய்ந்துவிடும், காயாக அறுத்ததும் அப்படித்தான். எனவே கடையில் காய்ந்த காம்பு சொல்வது, அறுத்து நாளாகிவிட்டது என்பதை மட்டுமே. காம்போடு பற்றுக்கம்பியும் ஒட்டியிருந்து, காம்பில் பசுமை மிச்சமிருக்க, கம்பி மட்டும் முழுதாகக் காய்ந்திருந்தால் அதை நம்பலாம். அது கொடியிலேயே காய்ந்த கம்பி.

காம்பு சொல்லாததைப் பழத்தின் அடிப்புறம் சொல்லும். தர்பூசணி வயலில் எந்தப் பக்கமாகத் தரையில் கிடந்ததோ அங்கே வெயில் படாமல் ஒரு திட்டு விழுந்திருக்கும். காயில் அது வெள்ளையாகவோ வெளிறிய பச்சையாகவோ இருக்கும். பழுத்ததும் வெண்ணெய் நிறத்துக்கு மாறி, பிறகு நல்ல மஞ்சளாகும். அறுத்த பிறகு காம்பைப்போல் சில நாளில் உருமாறிக் குழப்பாது என்பதால், கடையில் இதற்கு மதிப்பு அதிகம். மஞ்சள் தோல் ரகங்களில் மட்டும் இந்தத் திட்டைப் பிரித்துப் பார்ப்பது கடினம்.

அன்னாசியில் காம்பு என்றால் பழத்தின் அடியில் வெட்டிய முனை. அந்த வெட்டு உலர்ந்து, வெளிறிய நிறத்தில் சுத்தமாக இருக்க வேண்டும். கருத்திருந்தால், அழுத்தினால் அமுங்கினால், சாறு கசிந்தால், பூஞ்சை வெண்மையாகவோ சாம்பலாகவோ படிந்திருந்தால் அதை விட்டுவிடுவதே நல்லது. அன்னாசியை அழிக்கும் கருப்பு அழுகல் என்ற பூஞ்சை நோய் பெரும்பாலும் இந்த வெட்டு வழியாகவே உள்ளே இறங்குகிறது. வெளியே பழம் அழகாக மஞ்சளாக இருக்கும்போதே உள்ளே சதை நீராகக் கரையத் தொடங்கியிருக்கும்.

கொண்டையின் நடு இலையைப் பிடித்து இழுத்தால் எளிதாக வந்துவிட வேண்டும், அப்போதுதான் பழுத்தது என்பது பரவலான நம்பிக்கை. இதை நம்பித் தேர்வு செய்யாதீர்கள். பழம் பழையதாகிக் கொண்டை வாடினாலும், அடி அழுகினாலும் இலை எளிதாகக் கழலும். நன்றாகப் பழுத்த, அன்று வெட்டிய பழத்தில் இலை உறுதியாகவே இருக்கலாம். கொண்டை பசுமையாக இருந்தால் பழம் புதியது என்று அறியலாம். அது பழுத்ததா என்பதை வேறு இடத்தில் பார்க்க வேண்டும்.

மணம்

அன்னாசியில் தீர்ப்பு சொல்வது மூக்கு. பழத்தைத் தலைகீழாகத் திருப்பி அடி வெட்டுக்கு அருகில் முகர்ந்து பார்க்க வேண்டும். ஏன் அடி? அன்னாசி ஒரு பூவில் உருவாவதில்லை. ஒரே தண்டைச் சுற்றி நூறுக்கும் மேற்பட்ட பூக்கள் பூத்து, அவை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பழமாகின்றன. தோலில் நாம் காணும் ஒவ்வொரு கண்ணும் ஒரு பூ. அடியிலுள்ள பூக்கள் முதலில் மலர்ந்து, பிறகு வரிசையாக மேலே ஏறுகின்றன. ஆகவே பழுப்பதும் அடியிலிருந்துதான் தொடங்குகிறது. நிறமும் அங்கேதான் முதலில் மாறும், சர்க்கரையும் அங்கேதான் அதிகம், மணமும் அங்கிருந்துதான் முதலில் எழும். ஒரே பழத்தில் அடித்துண்டு தேனாகவும் கொண்டைப் பக்கத்துத் துண்டு புளிப்பாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே.

அடியில் முகர்ந்தால் தெளிவான இனிய அன்னாசி மணம் வர வேண்டும். ஒன்றும் வரவில்லை என்றால் காய்ப் பருவத்தில் அறுத்தது. மணத்தோடு கள்ளின் வாடையோ காடியின் நெடியோ கலந்திருந்தால் உள்ளே புளிக்கத் தொடங்கிவிட்டது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டும் பழத்தில் நல்ல பழமாக இருந்தாலும் மணம் எழாது. சற்று நேரம் வெளியே இருந்து குளிர் தணிந்த பிறகே முகர்ந்து பார்க்க வேண்டும்.

நிறத்தைவிட மணத்தை ஏன் நம்ப வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில், மூவாற்றுப்புழைக்கு அருகே உள்ள வாழக்குளம் அன்னாசிக்குப் பேர் போன ஊர். 2009இல் புவிசார் குறியீடு பெற்ற வாழக்குளம் அன்னாசி தமிழ்நாட்டுச் சந்தைகளுக்கும் லாரி லாரியாக வருகிறது. அங்கே பழுத்த பழத்துக்கு ஒரு விலை, பச்சைக்கு ஒரு விலை. தூரத்துச் சந்தைக்குப் போவது பெரும்பாலும் பச்சை. வழியில் நசுங்காமல் இருக்க அதுதான் வசதி. அந்தப் பச்சை நம் ஊர்க் கடையில் நாலைந்து நாளில் மஞ்சளாகும். எத்திபான் மருந்து தெளித்தால் இன்னும் விரைவில், ஒரே சீராக மஞ்சளாகும். எத்திபான் தோலில் உள்ள பச்சையத்தை நீக்கும். ஆனால் சர்க்கரையைத் தராது. செடியில் பழுத்ததில் எழும் நிறைந்த மணமும் அதில் வராது. முழுக்க மஞ்சளாக இருந்தும் மணமற்ற பழம், காயாக அறுத்து நிறம் மட்டும் மாறிய பழம் என்று கொள்ளலாம். மறுபக்கம், அடியில் இரண்டு மூன்று வரிசைக் கண்கள் மட்டும் மஞ்சளாகி, மேலே பச்சையாக இருந்தாலும் அடியில் மணம் எழுந்தால் அது நல்ல பழம். மணத்தோடு கண்களையும் பாருங்கள். முதிர்ந்த பழத்தில் கண்கள் விரிந்து தட்டையாக இருக்கும். காயில் அவை நெருக்கமாக, கூம்பிக் குத்திக்கொண்டு நிற்கும்.

தர்பூசணிக்கு மணச் சோதனை ஏறத்தாழ இல்லை. வெட்டாத பழத்தில் தடித்த தோலைத் தாண்டி மணம் வெளியே வராது. ஒன்றும் மணக்கவில்லை என்பதால் அதைக் குறை சொல்லத் தேவையில்லை. முழுப் பழத்தில் வாடை எழுந்தால்தான் கவலைப்பட வேண்டும். புளித்த நெடி வந்தால், எங்கோ வெடிப்போ அழுகலோ இருக்கிறது என்று பொருள்.

எடையும் அளவும்

கனமான பழம் நல்ல பழம் என்பது எங்கும் சொல்லப்படும் விதி. இரண்டு பழத்துக்கும் பொருந்தும், ஆனால் முழு உண்மை அல்ல. எடை சொல்வது உள்ளே நீரும் சதையும் நிரம்பியிருக்கிறதா என்பதைத்தான். சர்க்கரை இருக்கிறதா என்பதை அது சொல்லாது. காய்த் தர்பூசணியும் கனமாகத்தான் இருக்கும். உண்மையில் பழுக்கும்போது சதையில் காற்றிடைவெளி கூடுவதால், ஒரே அளவுள்ள காய் பழத்தைவிடச் சற்றே கனமாக இருக்கவும் கூடும்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். உருண்டையான தர்பூசணியின் இடுப்பை நூலால் சுற்றி அளந்தால் 63 செ.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதன் விட்டம் 20 செ.மீ., கொள்ளளவு ஏறத்தாழ 4,200 க.செ.மீ. அத்தனையும் தண்ணீராக இருந்தால் 4.2 கிலோ நிற்கும். தர்பூசணி தண்ணீரைவிடச் சற்று லேசு. தண்ணீரில் போட்டால் மிதக்கும். எனவே 4 கிலோவை ஒட்டி இருந்தால் அது குறையில்லாத பழம். 55 செ.மீ. சுற்றளவுக்கு 2.7 கிலோ, 75 செ.மீ. சுற்றளவுக்கு 6.8 கிலோ அளவில் எதிர்பார்க்கலாம். நீள உருண்டை ரகங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இப்போது 63 செ.மீ. சுற்றளவில் மூன்று பழங்கள் முன்னால் இருக்கின்றன. முதலாவது 3.95 கிலோ, இரண்டாவது 3.5 கிலோ, மூன்றாவது 4.05 கிலோ. கனமே போதும் என்றால் மூன்றாவதை எடுக்க வேண்டும். தட்டிப் பார்த்தால் அது 'டங்' என்று உயர்ந்து ஒலிக்கிறது; தரைத் திட்டு வெளிறிய பச்சை. அது காய். இரண்டாவது நன்றாக முழங்குகிறது. ஆனால் அந்த அளவுக்கு அரைக் கிலோ குறைவு. உள்ளே வெற்றிடம் இருக்க வாய்ப்பு அதிகம். பூவில் மகரந்தம் சரியாகச் சேராமல் போய், பிறகு பழம் சட்டென்று பெருத்தால் நடுச் சதை பிளந்து பள்ளம் விழுந்துவிடும். பள்ளம் விழுந்த பழம் கெட்டதல்ல, சுற்றியுள்ள சதை இனிக்கவும் செய்யும். ஆனால் வெற்றிடம் விரைவில் கெடுதலுக்கு வழிவிடும், சதையும் குறைவு. முதலாவது பழம் எடையிலும் குறையவில்லை, ஒலியும் தாழ்ந்து முழங்குகிறது, தரைத் திட்டும் வெண்ணெய் மஞ்சள். எடுக்க வேண்டியது அதைத்தான்.

பள்ளம் விழுந்த பழத்தின் ஓசை, நன்றாகப் பழுத்த பழத்தின் ஓசையைப்போலவே ஏமாற்றும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஓசை மட்டும் கேட்டால் இரண்டாவது பழத்தை எடுத்திருப்போம். எடை மட்டும் பார்த்தால் மூன்றாவதை எடுத்திருப்போம். ஓசை காயை விலக்குகிறது. எடை பள்ளத்தை விலக்குகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் தேர்வு முழுமையாகிறது.

அன்னாசியில் எடை இன்னும் பயனுள்ளது. சாறு வற்றிய பழத்தை உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால் ஒப்பிடும்போது கொண்டையை மனதில் கழித்துவிட வேண்டும். தடித்த கொண்டை எடையைக் கூட்டிக் காட்டும். கொண்டை ஒரே அளவில் இருக்கும் பழங்களையே ஒப்பிடுங்கள். ரகத்தையும் கலக்காதீர்கள். இரண்டு கிலோவுக்கு மேல் வளரும் கியூ ரகமும், சிறியதாகப் பொன்னிறச் சதையோடு வரும் மொரீஷியஸ் ரகமும் தனித்தனி. சிறியது என்பதால் மொரீஷியஸைத் தள்ள வேண்டாம். மணத்தில் அது முந்தும்.

கடையில் எந்த வரிசையில் பார்ப்பது

தர்பூசணிக்கு முதலில் கண், பிறகு கை, கடைசியில் காது. வெடிப்பும் ஈரக் குழியும் இல்லாத, பளபளப்பு சற்று மங்கிய பழங்களைப் பிரியுங்கள். அவற்றைப் புரட்டி மஞ்சள் தரைத் திட்டு உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு மூன்றைத் தூக்கி, லேசாக இருப்பதை ஒதுக்குங்கள். மிஞ்சியவற்றைக் கையில் ஏந்தித் தட்டுங்கள்.

அன்னாசிக்கு முதலில் மூக்கு. அடியில் முகர்ந்து மணமுள்ளதைப் பிரியுங்கள். வெட்டு உலர்ந்து சுத்தமாக இருக்கிறதா, அடிக் கண்கள் மஞ்சளாகித் தட்டையாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். பக்கவாட்டில் கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள். சற்றே நெகிழ்ந்து கொடுக்க வேண்டும், குழி விழக் கூடாது. பிறகு தூக்கிப் பார்த்து, கடைசியாகச் சுண்டிப் பாருங்கள்.

சில கடைக்காரர்கள் தர்பூசணியில் முக்கோணமாக ஒரு துண்டு வெட்டிச் சிவப்பைக் காட்டுவார்கள். சிவப்பைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். நிறம் முதலில் ஏறும், இனிப்பு அதன் பின் நிறையும். துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். அது தோலை ஒட்டிய பகுதி என்பதையும் நினைவில் வையுங்கள். தர்பூசணியில் நடுப் பகுதிதான் அதிகம் இனிக்கும். அப்படி வெட்டிய பழத்தை அன்றே சாப்பிட்டுவிட வேண்டும்.

அன்னாசியை வீட்டில் தலைகீழாக நிறுத்தி வைத்தால் அடியின் சர்க்கரை மேலே இறங்கிப் பரவும் என்று சொல்வதுண்டு. முழுப் பழத்தில் சர்க்கரை செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. அது அப்படி வழிந்து இறங்காது. எல்லோருக்கும் சமமான இனிப்பு வேண்டுமென்றால் பழத்தைக் குறுக்கே வட்டமாக வெட்டாமல், அடியிலிருந்து கொண்டை வரை நீளவாக்கில் வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் இனிப்பான அடியும் புளிப்பான மேலும் கலந்து வரும்.

சோதனைகள் எட்டாத இடம்

எல்லாச் சோதனையும் சரியாக இருந்தும் சில தர்பூசணி சப்பென்று இருப்பதுண்டு. அறுவடைக்கு முந்தைய நாட்களில் வயலில் நீர் பாய்ச்சினாலோ, கோடை மழை கொட்டினாலோ பழம் நீரை இழுத்துக்கொண்டு இனிப்பு நீர்த்துப்போகும். அதனால்தான் அனுபவமுள்ள விவசாயி அறுவடை நெருங்கும்போது நீரைக் குறைக்கிறார். நோய் தாக்கி இலை உதிர்ந்த கொடியிலும் பழம் பருக்கலாம், சிவக்கலாம்; சர்க்கரை தயாரிக்க இலை இல்லாததால் இனிக்காது. அப்படிப்பட்ட பழமும் சரியாக முழங்கும், எடையும் சரியாக நிற்கும். நான்கு சோதனைகளும் பழுத்ததா என்று சொல்லும். எவ்வளவு இனிக்கும் என்பது வயலும் வானிலையும் சொல்ல வேண்டியது. நல்ல மழை பெய்த வாரத்தில் பெரிய பழமாக வாங்காமல் சிறியதாக வாங்குவது புத்திசாலித்தனம்.

தேர்வு தவறிக் காயே வந்துவிட்டாலும் அதை வீணாக்க வேண்டாம், பழுக்கட்டும் என்று மூலையில் வைக்கவும் வேண்டாம். வைத்தால் இனிக்காது, கெடும். புளிப்பு அன்னாசி ரசத்துக்கும் பச்சடிக்கும் உகந்தது. வெளிறிய தர்பூசணியின் சதையையும் தோலை அடுத்த வெள்ளைப் பகுதியையும் நறுக்கிப் பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம். சுவை வெள்ளரிக்கு நெருக்கமாக இருக்கும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது அவசரப்படாமல் நாலு பழத்தைத் தூக்கி, புரட்டி, தட்டி, முகர்ந்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். நல்ல பழம் தேடுபவரை அவருக்குத் தெரியும். தட்டிய பழம் வெட்டும்போது எப்படி இருந்தது என்று ஒவ்வொரு முறையும் கவனித்து வந்தால், ஒரே கோடைக்குள் உங்கள் காதுக்கே பழம் தெரிந்துவிடும்.